புக் செய்த காருக்கு இன்னும் ஐந்து மாதம். யார்டில் நிற்கும் காருக்கு எண்பதாயிரம் தள்ளுபடி

வாசகர் கடிதம்

மேடம், கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை ஈரோட்டில் டயாலிசிஸ். போக வர எண்பது கிலோமீட்டர். வாடகைக் காருக்கு ஒரு நடைக்கு 1,600 ரூபாய், மாதம் பதினாலாயிரம் ஆகிறது. அதனால் போன நவம்பரில் ஓர் ஏழு சீட்டர் பெட்ரோல் காரை, நடுத்தர வேரியன்ட், 25,000 கட்டி புக் செய்தேன். ஷோரூம் விலை 12 லட்சம். எட்டு வாரம் என்றார்கள். இப்போது மார்ச் பிறந்தும் வரவில்லை, கேட்டால் இன்னும் ஐந்து மாதமாம். அதே மாடலில் டாப் வேரியன்ட், வெள்ளை நிறம், 2025 தயாரிப்பு ஒன்று ஸ்டாக்கில் இருக்கிறதாம். 13 லட்சத்துப் பத்தாயிரம், 80,000 தள்ளுபடி. மார்ச் 31-க்குள் எடுத்தால்தான் அந்தத் தள்ளுபடி, எடுக்காமல் புக்கிங்கை கேன்சல் செய்தால் 25,000 திரும்ப வராது என்கிறார் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ். தள்ளுபடியும் ஐந்து மாத வாடகையும் சேர்த்தால் ஒன்றரை லட்சம் லாபம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பழைய வண்டிக்கு வாரன்டி பாதி போயிருக்குமே என்று மனைவி பயப்படுகிறார். எட்டு வாரம் என்று சொல்லி ஏமாற்றியதற்குக் கேஸ் போட்டு, பழைய விலைக்கே வண்டியை வாங்க முடியுமா? வண்டி வாங்கினால் பத்து வருடமாவது வைத்திருப்போம்.

வழக்கறிஞரின் பதில்

உங்கள் கணக்கில் இருந்தே தொடங்குகிறேன். சட்டத்தைவிட அதுதான் இங்கே முக்கியம்.

ஒன்றரை லட்சம் லாபம் என்பது சரியில்லை. சொந்த வண்டியும் பெட்ரோல் குடிக்கும். எண்பது கிலோமீட்டருக்கு ஐந்தரை லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். தேய்மானத்தையும் சேர்த்தால் ஒரு நடைக்கு 600 ரூபாய்க்குக் குறையாது. ஆக, வாடகைக் காரால் உங்களுக்குக் கூடுதலாகப் போவது நடைக்கு ஆயிரம் ரூபாய்தான். மாதம் ஒன்பது நடை, ஐந்து மாதம் என்றால் 45,000. எழுபதாயிரம் இல்லை.

அடுத்தது அந்த 80,000. நீங்கள் புக் செய்தது 12 லட்சத்து வண்டி. அவர்கள் காட்டுவது அதைவிட 1,10,000 கூடுதலான வண்டி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து, பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை விலையுள்ள கார்களுக்கு வாழ்நாள் வரி 18 சதவீதம். தள்ளுபடியை இன்வாய்ஸிலேயே குறைக்காமல் கடைசிக் கணக்கில் கழித்துக் காட்டினால், வரி முழு விலைக்கும் விழும். அப்படியானால் விலை வித்தியாசத்துக்கு மட்டும் 19,800 வரி. மொத்தக் கூடுதல் 1,29,800. அதில் 80,000-ஐக் கழித்தால், ஸ்டாக் வண்டிக்கு நீங்கள் கையிலிருந்து கிட்டத்தட்ட 50,000 ரூபாய் அதிகம் கொடுக்கிறீர்கள். இன்ஷூரன்ஸும் கொஞ்சம் ஏறும்.

காத்திருந்தால் 45,000 செலவு, இப்போதே எடுத்தால் 50,000 செலவு. பணத்தளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். டாப் வேரியன்டில் கூடுதலாக வரும் வசதிகள் உங்கள் வீட்டுக்குத் தேவையா, அப்பா டயாலிசிஸ் முடிந்து களைத்துப்போய் ஆஸ்பத்திரி வாசலில் வாடகைக் காருக்குக் காத்திருப்பதை எவ்வளவு சீக்கிரம் நிறுத்த வேண்டும், இந்த இரண்டும்தான் முடிவு செய்ய வேண்டியவை. இரண்டாவதற்கு நான் விலை போட முடியாது, நீங்கள்தான் போட முடியும்.

2025 தயாரிப்பு என்பதன் விலை

பழைய கார் சந்தையில் முதலில் கேட்கப்படுவது எந்த வருட வண்டி என்பது. ஆர்.சி.யில் தயாரித்த மாதமும் வருடமும் இருப்பதால், 2026-ல் பதிவு செய்திருந்தாலும் அது 2025 வண்டிதான். மூன்று நான்கு வருடத்தில் விற்கிறவருக்கு இது அடி. இந்த ஒரு வருடப் பின்தங்கலுக்கு விலையில் ஐந்து சதவீதமாவது குறைத்துத் தர வேண்டும் என்பது என் கணிப்பு. உங்கள் வண்டிக்கு அது 65,000. அதாவது அவர்கள் தரும் தள்ளுபடியில் பெரும்பகுதி, வண்டிக்கு வயதாகிவிட்டதற்கே சரியாகப் போகிறது. பத்து வருடம் வைத்திருக்கப் போகும் உங்களுக்கு மறுவிற்பனை பெரிய கவலை இல்லை. பேரம் பேசும்போது அதை வெளியே சொல்ல வேண்டியதில்லை.

வருடத்தைவிட மாதம் முக்கியம். 2025 டிசம்பரில் தயாரான வண்டி மூன்று மாதம்தான் நின்றிருக்கிறது. 2025 ஏப்ரலில் தயாரானது ஏறக்குறைய ஒரு வருடம் வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கும். இரண்டையும் "2025 மாடல் சார்" என்றே சொல்வார்கள். இடையில் கம்பெனி வண்டியையே மாற்றியிருக்கவும் கூடும். ஓர் உதாரணம்: மாருதி 2025 ஜூலையில்தான் எர்டிகாவின் எல்லா வேரியன்டிலும் ஆறு ஏர்பேக் கட்டாயமாக வரும் என்று அறிவித்தது. அதற்கு முன் தயாராகி நின்ற கீழ் வேரியன்ட் வண்டியில் அத்தனை ஏர்பேக் இருக்காது. நீங்கள் பார்க்கும் மாடல் எதுவானாலும், இப்போதைய பிரோஷரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வண்டியில் சரிபாருங்கள்.

தயாரித்த மாதத்தை எப்படித் தெரிந்துகொள்வது? பதினேழு எழுத்துகள் கொண்ட சேஸிஸ் எண்ணில் மாதமும் வருடமும் குறியீடாக இருக்கும். 2025-க்கு எஸ், 2026-க்கு டி என்பது பரவலான குறியீடு. ஆனால் எத்தனையாவது இடத்தில் வரும், மாதத்துக்கு எந்த எழுத்து என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் நாமே யூகிக்க வேண்டாம். வண்டியில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணைப் போட்டோ எடுத்து, டீலருக்கு அல்ல, கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு ஈமெயிலில் அனுப்பிக் கேளுங்கள். கடைசியில் டீலர் தரும் விற்பனைச் சான்றிதழான படிவம் 21-இலும் தயாரித்த மாதம், வருடம் எழுதுவதற்கென்றே ஓர் இடம் உண்டு. பாக்கிப் பணத்தைக் கட்டும் முன்பே அந்தப் படிவத்தின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர், ஆர்.சி. கைக்கு வந்த பிறகுதான் தன் புது வண்டி பதின்மூன்று மாதப் பழசு என்று கண்டுபிடித்தார். படிவம் 21-இல் அது முன்னாலேயே இருந்தது. அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

உங்கள் மனைவியின் பயம்

வாரன்டி, வண்டி தயாரான நாளிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை, விற்ற நாளிலிருந்துதான் தொடங்கும். அதனால் பாதி போயிருக்கும் என்று அவர் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அவர் உள்ளுணர்வு முழுக்கத் தவறும் இல்லை. மாதக் கடைசியில் டார்கெட் முடிக்க, விற்காத வண்டியை விற்றதாகக் கம்பெனி கணினியில் ஏற்றிவைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படிப் பில் போட்டு வைத்த வண்டியின் வாரன்டிக் கடிகாரம், அது யார்டில் தூங்கும்போதே ஓடிக்கொண்டிருக்கும். தயாரிப்பு மாதம் கேட்கும் அதே ஈமெயிலில், "இந்த சேஸிஸ் எண்ணுக்கு வாரன்டி தொடங்கிவிட்டதா, இது இதற்கு முன் யார் பெயரிலாவது விற்றதாகப் பதிவாகியிருக்கிறதா" என்று இன்னொரு வரி சேர்த்துவிடுங்கள். எழுத்தில் பதில் வரட்டும்.

வண்டியையும் நேரில் பாருங்கள். பாலிஷ் போட்டு ஷோரூமுக்குக் கொண்டுவந்த பிறகு இல்லை, யார்டிலேயே, பகல் வெளிச்சத்தில். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3225 என்றால் 2025-ன் 32-வது வாரத்தில் செய்த டயர். நான்கு டயரும் ஸ்டெப்னியும் ஏறக்குறைய ஒரே காலத்தவையாக, வண்டி தயாரான மாதத்துக்குச் சற்று முந்தியவையாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வண்டியைவிடப் புதிதாக இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். பிரேக் டிஸ்கில் மேலோட்டமாகப் படிந்திருக்கும் துரு நின்ற வண்டிக்கு இயல்பு, ஓட்டினால் போய்விடும். மாதக்கணக்கில் நின்ற வண்டியின் பேட்டரி அப்படியில்லை. பல முறை சார்ஜ் இறங்கி ஏற்றிய பேட்டரி சீக்கிரம் கைவிடும். புதுப் பேட்டரி போட்டுத் தரச் சொல்வது நியாயமான கோரிக்கைதான்.

இன்னொன்று மழைநீர். யார்டில் தண்ணீர் தேங்கிய வண்டியை வெளியே துடைத்துவிடலாம், உள்ளே முழுவதும் துடைக்க முடியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள்; அடிப்பகுதியில் கறை தெரிந்தால் வண்டி தண்ணீர் பார்த்திருக்கிறது. முன் சீட் நகரும் தண்டவாளத்தின் இடுக்கிலும், தரைவிரிப்புக்கு அடியிலும் விரலை விட்டுப் பாருங்கள். மண் ஒட்டினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

எல்லாம் திருப்தி என்றால், நீங்கள் பார்த்த அதே சேஸிஸ் எண்ணை எழுதி, இந்த வண்டிதான் எனக்கு என்று டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள். பார்த்தது ஒன்று, வீட்டுக்கு வந்தது ஒன்று என்ற புகார்கள் என்னிடம் வந்திருக்கின்றன.

எட்டு வாரம் என்று சொன்னது

நீங்கள் எதிர்பார்க்கும் பதில் இங்கே கிடைக்காது. புக்கிங் என்பது பெரும்பாலும் வரிசையில் ஓர் இடம், அவ்வளவுதான். உங்கள் புக்கிங் படிவத்தின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். டெலிவரித் தேதி உத்தேசமானது, விலை டெலிவரி நாளன்று உள்ள விலை என்று இரண்டு வரி அநேகமாக இருக்கும். அவை இருந்தால், எட்டு வாரம் என்று வாயால் சொன்னதை வைத்துப் பழைய விலைக்கு வண்டி கேட்டு வழக்குப் போடுவது வீண். உத்தேசம் என்ற சொல் இல்லாமல் ஒரு தேதியைத் தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தாலோ, உங்களுக்குப் பின் அதே வேரியன்ட், அதே நிறம் புக் செய்தவருக்கு முன்னால் வண்டி போயிருந்தாலோ கதை வேறு. அது சேவைக் குறைபாடு என்று வாதாட இடமுண்டு.

டெலிவரி நாள் விலை என்பது எப்போதும் நமக்கு எதிரானது என்றும் நினைக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. மாறியபோது, சிறிய கார்களுக்கு 28 சதவீதமும் செஸ்ஸும் இருந்தது 18 ஆனது. பெரிய கார்களுக்கு செஸ் நீங்கி 40 ஆனது. அதற்கு முந்தைய வாரம் அவசரப்பட்டு வண்டி எடுத்தவர்கள் நொந்துகொண்டார்கள், வரிசையில் காத்திருந்தவர்களுக்கு விலை தானாகக் குறைந்தது. ஆனால் அது எப்போதாவது நடப்பது. விலையேற்ற அறிவிப்புகள்தான் வழக்கம், அதுவும் ஜனவரியையும் ஏப்ரலையும் ஒட்டி.

25,000 திரும்ப வராது என்று சொன்னதையும் அப்படியே நம்ப வேண்டாம். படிவத்தில் ரத்துக் கட்டணம் என்று ஒரு தொகை போட்டிருந்தால் அதைக் கழிக்கலாம். முழுத் தொகையையும் விழுங்குவதற்கு, அதுவும் அவர்களே சொன்ன காலம் கடந்த பிறகு, நியாயம் சொல்வது கடினம். கேன்சல் செய்வதை ஈமெயிலில் காரணத்துடன் எழுதுங்கள். பணம் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். இந்த அளவுத் தொகைகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்திலேயே திரும்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பழைய வண்டியைப் புதிது என்று தலையில் கட்டினால் அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் பிரிவு 2(47)-ன்படி நியாயமற்ற வணிக முறை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். பத்து முதல் இருபது லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்கு மனுக் கட்டணம் 400 ரூபாய்தான். ஆனால் ஸ்டாக் வண்டி என்று தெரிந்து, தயாரிப்பு மாதம் தெரிந்து, தள்ளுபடியும் வாங்கிக்கொண்டு எடுத்த பிறகு இந்தப் பிரிவு உங்களுக்கு உதவாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்

முதலில் மூன்றாவது வழி ஒன்றைப் பார்ப்பேன். காத்திருக்கும் காலம் மாடலுக்கு மட்டும் அல்ல, வேரியன்டுக்கும் நிறத்துக்கும் தனித்தனி. உங்கள் வேரியன்டிலேயே எந்த நிறத்துக்கு வரிசை குறைவு என்று கேளுங்கள். யாருக்கோ வந்த வண்டி லோன் கிடைக்காமல் கேன்சல் ஆவது ஒவ்வொரு மாதக் கடைசியிலும் நடக்கும். "எந்த நிறமானாலும் சரி, என் வேரியன்டில் கேன்சல் ஆன வண்டி வந்தால் அதே நாளில் எடுத்துக்கொள்கிறேன்" என்று லோன் அனுமதிக் கடிதத்தோடு போய் மேலாளரிடம் சொல்லுங்கள். எக்ஸிகியூட்டிவிடம் சொன்னால் போதாது. ஈரோட்டில் மட்டுமல்ல, திருப்பூர், சேலம், கோவை டீலர்களிடமும் கேளுங்கள். வேறு மாவட்டத்தில் வாங்கினாலும் உங்கள் முகவரிக்குரிய ஆர்.டி.ஓ.விலேயே பதிவு செய்துகொள்ளலாம். யாராவது பாண்டிச்சேரி முகவரியில் பதிந்தால் வரி மிச்சம் என்று சொன்னால் மட்டும் காதில் வாங்காதீர்கள். வண்டி நிரந்தரமாக ஓடப்போவது கோபியில்.

பத்து நாளில் அப்படி ஒன்று அமையாவிட்டால், அப்பாவை நினைத்து, ஸ்டாக் வண்டியை எடுக்கலாம் என்றே சொல்வேன். ஆனால் இந்த விலைக்கு இல்லை. மார்ச் 31 என்ற கெடு உங்களுக்கு வைத்தது போலத் தெரிந்தாலும், அது அவர்கள் கழுத்தில்தான் கத்தி. நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் டீலர் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். 2024 செப்டம்பரில் நாடு முழுக்க டீலர்களிடம் 80 முதல் 85 நாள் விற்பனைக்குப் போதுமான கார்கள் தேங்கிக் கிடப்பதாக டீலர்கள் சங்கக் கூட்டமைப்பே சொன்னது. அவர்கள் வேண்டுவது 21 நாள் இருப்பு. நிதியாண்டு முடிவில் போன வருட வண்டி ஒன்று கையில் நிற்பதை எந்த மேலாளரும் விரும்ப மாட்டார்.

மாதக் கடைசி வாரத்தில் போங்கள். தள்ளுபடி 1,10,000, அதாவது நீங்கள் முதலில் புக் செய்த விலைக்கே இந்த வண்டி என்று தொடங்குங்கள். அதை இன்வாய்ஸிலேயே குறைத்துக் காட்டச் சொல்லுங்கள்; முடியாது என்றால் வரி வித்தியாசமான 19,800-ஐயும் பேரத்தில் சேருங்கள். பணமாகக் குறைக்க மறுத்தால் கூடுதல் வருட வாரன்டியும் புதுப் பேட்டரியும் கேளுங்கள். சீட் கவர், மேட், வாசனைப் புட்டி எல்லாம் தள்ளுபடி ஆகாது. இன்ஷூரன்ஸ் அவர்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னால், வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டு வைத்துக்கொண்டு பேசுங்கள். எங்கே எடுப்பது என்பது உங்கள் உரிமை. தயாரிப்பு மாதம் 2025 அக்டோபருக்கு முந்தியது என்று தெரியவந்தால் இன்னும் இருபதாயிரமாவது இறங்க வேண்டும். கோடைக்கு முந்தியது என்றால் நான் விட்டுவிடுவேன்.

ஒரு காரியம் மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். "உங்கள் புக்கிங்கை இந்த வண்டிக்கு மாற்றிவிடுகிறேன்" என்று எக்ஸிகியூட்டிவ் சொன்னால், மேலே சொன்ன ஈமெயில் பதிலும் யார்டு சோதனையும் முடியும் வரை கையெழுத்துப் போட வேண்டாம். மாற்றிய நிமிடமே நவம்பரில் பிடித்த உங்கள் வரிசை இடம் போய்விடும். பிறகு அந்த வண்டி சரியில்லை என்று திரும்பினால், மார்ச்சில் புக் செய்தவராகக் கடைசியில் போய் நிற்க வேண்டியிருக்கும்.